பவுன்சர் வந்தா கிளவுஸ் தானா மேல போகுது: தப்பு கையிலயா, தலையிலயா?

#1 காசிமேடு மணி

எல்லாருக்கும் வணக்கம். தம்பி பேட்டிங் பத்தி ஒரு சந்தேகம். வயசு 17, வலது கை, உயரம் 5 அடி 7. சின்ன வயசுல இருந்து தெருவுலயும் சிமெண்ட் பிட்ச்லயும் டென்னிஸ் பால்தான் ஆடினான். லெதர் பாலுக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. எல்லாமே மேட்டிங் விக்கெட்.

முன்னாடி குத்துற பந்தை நல்லா ஆடுறான். அரைக்குழியா குத்தி, மார்புக்கும் கழுத்துக்கும் நடுவுல உடம்பை நோக்கி ஏறி வர்ற பந்துலதான் மாட்டிக்கிறான். கடைசி நாலு இன்னிங்ஸ்ல மூணு தடவை ஒரே மாதிரி அவுட். ரெண்டு ஷார்ட் லெக் கேட்ச், ஒண்ணு கல்லி. மூணுமே கிளவுஸ்ல பட்டது. போடுறவங்க பெரிய வேகமும் இல்ல, 120 இருக்கும்.

நெட்ஸ்ல எல்லாரும் "கையை இறக்குடா"ன்னு கத்துறாங்க. அவனுக்கும் அது தெரியுது. ஆனா பந்து வர்ற நேரத்துல கை அதுவா மேல போயிடுது. பயம்னு சொல்றாங்க. நல்லா புல் அடிக்கிறவன் பயந்தவன்னு எனக்குத் தோணல. சைடுல நின்னு ஃபோன்ல ஸ்லோ மோஷன் எடுத்து வெச்சிருக்கேன். அதுல என்ன பாக்கணும்னு யாராவது சொல்லுங்க.

#2 தண்டையார்பேட்டை தமிழ்

மணி, இதுக்கு இவ்ளோ யோசிக்க வேணாம்பா. ரெண்டு விஷயம். ஒண்ணு, கிரீஸுக்குள்ள இன்னும் பின்னாடி தள்ளி நிக்கச் சொல்லு, ஸ்டம்பை ஒட்டி. பந்து வந்து சேர கூட நேரம் கிடைக்கும். ரெண்டு, மேல வர்ற எல்லாத்தையும் ஹூக் அடிக்கச் சொல்லு. நாலு பந்தை ஃபைன் லெக் பக்கம் அனுப்பிட்டா ஷார்ட் லெக்கை எடுத்துருவாங்க. ஷார்ட் லெக்கே இல்லன்னா கிளவுஸ்ல பட்டா என்ன, படாட்டி என்ன. நம்ம ஸ்ரீகாந்த் அப்படித்தான் ஆடினாரு. தடுக்கணும்னு நினைக்கிறதே தப்பு, அடிக்கணும்னு நினைக்கணும்.

#3 வியாசர்பாடி லெஃப்டி

எனக்கும் இதே பிரச்சனைதான். நான் இடது கை. வலது கை பவுலர் ஓவர் தி விக்கெட் வந்து போடும்போது பந்து குறுக்கா வெளிய போகுது, அதுல பேட்டை நீட்டி கீப்பர்கிட்ட குடுத்துடுறேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய போற ஷார்ட் பாலை கட் பண்றதா, விடறதா? யாராவது அதையும் சேத்து சொல்லுங்க.

#4 பழைய மேட்டிங்

லெஃப்டி, உங்க கேள்வி வேற. வெளிய போற பந்தை நீங்க தேடிப் போறீங்க. மணியோட தம்பிகிட்ட பந்து அவனைத் தேடி வருது. ரெண்டுக்கும் மருந்து வேற வேற. இப்போதைக்கு உடம்புக்கு வர்ற பந்தை மட்டும் பேசுவோம்.

மணி, "கையை இறக்கு"ன்னு சொல்றவங்க கண்ணுல பட்டதைச் சொல்றாங்க. ஆனா கை மேல போறது கடைசியா நடக்கிற விஷயம். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் நடந்து முடிஞ்சிருக்கும். மொதல்ல எடை குதிகாலுக்குப் போகும். அதுக்கப்புறம் தலை பின்னாடி சாயும், தாடை மேல தூக்கும். தலை சாஞ்சவுடனே உடம்பு விழாம இருக்க கையை முன்னாடி போடும். மனுஷன் தலை ஏறக்குறைய 5 கிலோ, அதுக்கு மேல ஹெல்மெட். அவ்வளவு எடை பாதத்தைத் தாண்டி பின்னாடி போனா அதை ஈடு கட்ட ஏதாவது முன்னாடி வந்தாகணும். பேட்டோட சேர்ந்த ரெண்டு கைதான் வரும். கையை இறக்கச் சொன்னா பையனால எப்படி முடியும்? இறக்கினா மல்லாக்க விழுவான்.

காசிமேட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்ல. அலையில விசைப்படகு தூக்கும்போது முட்டியை மடக்கி முன்பாதத்துல நிக்கிறவர் கை சும்மா தொங்கும். விறைப்பா குதிகால்ல நிக்கிறவர் கை கயித்தைத் தேடும். இங்கயும் அதேதான் நடக்குது.

வீடியோவில மூணு இடத்துல நிறுத்திப் பாருங்க. பவுலர் கையை விட்டு பந்து கிளம்புற ஃபிரேம். பந்து தரையில குத்துற ஃபிரேம். கிளவுஸ்ல படுற ஃபிரேம். ஒவ்வொண்ணுலயும் ஹெல்மெட் கிரில்லுல இருந்து நேரா கீழ ஒரு கோடு போடுங்க. ஃபோன் திரையில ஒரு அளவுகோல் வெச்சாலே போதும். அந்தக் கோடு முன்னங்கால் விரல் பக்கம் விழுதா, ரெண்டு காலுக்கும் நடுவுல விழுதா, பின்னங்குதிகாலைத் தாண்டி விழுதா? அப்புறம், தலை நகர ஆரம்பிச்ச ஃபிரேம் எது, கை நகர ஆரம்பிச்ச ஃபிரேம் எதுன்னு தனித்தனியா எண்ணிப் போடுங்க.

தமிழ் சொன்னதுல பாதி சரி. பின்னாடி தள்ளி நின்னா கூட நேரம் கிடைக்கும், உண்மைதான். ஆனா பந்து ஏறுறதுக்கும் கூட இடம் கிடைக்கும். நெஞ்சுக்கு வந்தது தொண்டைக்கு வரும். குதிகால்ல எடை இருக்கிறவனை இன்னும் ஒரு அடி பின்னாடி நிக்க வெச்சா அதே தப்பைத்தான் இன்னும் உயரத்துல பண்ணுவான். ஹூக் பத்தி அப்புறம் சொல்றேன்.

#5 ஐசிஎஃப் கீப்பர்

பெரியவர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். கீப்பிங் நிக்கிறப்போ பேட்ஸ்மேன் முகம் தெரியாது, ஷூவோட அடிப்பாகம் தெரியும். உடம்புக்கு வர்ற பந்துல கிளவுஸ் குடுக்கிற ஆளுக்கு பந்து குத்துறதுக்கு முன்னாடியே முன்னங்கால் ஷூ நுனி தரையை விட்டு தூக்கியிருக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் ஷார்ட் லெக்கை ஒரு எட்டு கிட்ட வரச் சொல்லுவோம்.

இன்னொண்ணு பின்னங்கால் எந்தப் பக்கம் பாக்குதுங்கிறது. பின்னங்கால் விரல் பாயிண்ட் பக்கம், அதாவது கிரீஸ் கோட்டுக்கு இணையா இருந்தா தோளும் திரும்பி இருக்கும், பேட் நேரா இறங்க வழி இருக்கும். விரல் மிட் ஆஃப் பக்கம் திரும்பிட்டா இடுப்பு திறந்து நெஞ்சு முழுசா பவுலரைப் பாக்கும். அப்போ ரெண்டு முழங்கையும் விலாவுல இடிச்சுக்கும். பந்துக்கும் உடம்புக்கும் நடுவுல கிளவுஸைத் தவிர வேற எதையும் கொண்டுவர முடியாது.

#6 காசிமேடு மணி

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணே. நேத்து ராத்திரி உக்காந்து எண்ணிட்டேன். ஃபோன் செகண்டுக்கு 240 ஃபிரேம் எடுக்குது. ஷார்ட் லெக் கேட்ச் ஆன பந்து இது. பந்து கையை விட்ட ஃபிரேமை சைபர்னு வெச்சுக்கிட்டேன்.

சைபர்லயே முன்னங்கால் ஷூ நுனி லேசா தூக்கியிருக்கு. கோடு ரெண்டு காலுக்கும் நடுவுல விழுது. 40வது ஃபிரேம்ல ஹெல்மெட் முனை மேல தூக்க ஆரம்பிக்குது. 62ல பந்து குத்துது. அப்போவே கோடு பின்னங்குதிகால் மேல வந்துடுச்சு. 75ல கை நகர ஆரம்பிக்குது. 140ல கிளவுஸ்ல படுது. அந்த நேரம் கோடு குதிகாலைத் தாண்டி ஒரு சாண் பின்னாடி. கிளவுஸ் தாடை உயரத்துல, உடம்பை விட்டு ஒரு முழம் முன்னாடி.

பின்னங்கால் விரல் மிட் ஆஃபைத்தான் பாக்குது, கீப்பர் அண்ணன் சொன்ன மாதிரியே.

#7 பழைய மேட்டிங்

அருமையா எண்ணியிருக்கீங்க. இந்தக் கணக்கே எல்லாத்தையும் சொல்லிடுச்சு. தலை 40ல, கை 75ல. நடுவுல 35 ஃபிரேம், கிட்டத்தட்ட 0.15 செகண்ட். தலை கிளம்பினதுக்கு அப்புறம்தான் கை கிளம்புது. அதை விட முக்கியமானது, பந்து குத்துறதுக்கு 22 ஃபிரேம் முன்னாடியே தலை கிளம்பிடுச்சு. அதாவது பந்து எவ்வளவு ஏறும்னு தெரியுறதுக்கு முன்னாடியே தலை ஓடுது. அவன் பந்தைப் பார்த்து ஒதுங்கல. லெங்த் கொஞ்சம் குறைச்சலா இருக்குன்னு தெரிஞ்சவுடனே உடம்பு மல்லாக்குது.

இதைப் பயம்னு நான் சொல்ல மாட்டேன். டென்னிஸ் பால் பழக்கம் இது. சிமெண்ட்ல டென்னிஸ் பால் ஷார்ட்டா குத்தினா வேகம் செத்து பஞ்சு மாதிரி ஏறும். முன்னங்காலை விலக்கி, பின்னாடி சாஞ்சு, பேட்டைச் சுத்த தாராளமா நேரம் இருக்கும். நம்ம ஏரியா பையங்க எல்லாரும் அந்த ஷாட்லதான் வளர்ந்தவங்க, அதனாலதான் புல் நல்லா வருது. மேட்ல லெதர் பால் வேகம் குறையாம ஏறும். மேட்டை இறுக்கி ஆணி அடிச்சிருந்தா இன்னும் சுருக்கா ஏறும். சாயற பழக்கம் அப்படியே இருக்கு, சுத்த நேரம் மட்டும் இல்ல. பாதி ஷாட்ல கை மாட்டிக்குது.

சரி, என்ன பண்ணணும்? பந்து கையை விடும்போது தலை எங்க இருக்கணும்கிறதை மட்டும் மொதல்ல சரி பண்ணுங்க. முட்டி லேசா மடங்கணும். எடை பெருவிரல் மேட்டுல இருக்கணும். ஷூவுக்குள்ள குதிகாலுக்கு அடியில ஒரு தாள் நுழையற அளவு லேசா இருந்தாப் போதும், எம்பி நிக்க வேணாம். தாடை முன்தோள் மேல ஒக்காந்த மாதிரி இருக்கணும். ரெண்டு கண்ணும் ஒரே மட்டத்துல. தலை ஆஃப் சைடு பக்கம் கவிழ்ந்தா நடு ஸ்டம்புக்கு வர்ற பந்து லெக் சைடு போற மாதிரி தெரியும், சும்மா தட்டி விடலாம்னு கை போகும். அதுவும் கிளவுஸ் கேட்ச்தான். கிரில்லுல இருந்து போட்ட கோடு முன்னங்கால் விரல்கிட்ட விழணும்.

அதுக்கப்புறம் பின்னங்கால் பின்னாடியும் கொஞ்சம் ஆஃப் பக்கமும் ஒரு எட்டு. பாதம் கிரீஸுக்கு இணையா. தலை கிட்டத்தட்ட ஆஃப் ஸ்டம்ப் மேல வந்து நிக்கும். இதுல ஒரு லாபம் இருக்கு. நடு, லெக் ஸ்டம்ப் லைன்ல உடம்புக்கு வர்ற பந்து இப்போ கண்ணுக்கு இடது பக்கமா போகும். விடறது சுலபம்.

இதுக்கு மேல முடிவு ஒண்ணுதான். இந்தப் பந்தை ஆட கிளவுஸ் என் தோளைத் தாண்டி மேல போகணுமா? போகணும்னா அதை ஆடக்கூடாது, விடணும். போக வேணாம்னா விரல் நுனியில எம்பி, இடது முழங்கையை உயர்த்தி, பந்தை மார்போட ஒட்டி வர விட்டு ஆடணும். அடியில இருக்கிற வலது கை பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடிச்சிருக்கட்டும். அந்தக் கை இறுக்கினா பந்து ஷார்ட் லெக் கையில போய் விழும், தளர்த்தினா காலடியில செத்து விழும்.

#8 தண்டையார்பேட்டை தமிழ்

சார், ஒரு இடத்துல எனக்கு இடிக்குது. தலை பின்னாடி சாயக்கூடாதுன்னு சொல்றீங்க. ஆனா விடறதுன்னா பின்னாடி வளைஞ்சுதானே விடணும்? திராவிட், சச்சின் எல்லாரும் வில்லு மாதிரி வளைஞ்சு மூக்குக்கு முன்னாடி பந்தை விடுவாங்களே. அதுவும் தலை பின்னாடி போறதுதானே?

#9 பழைய மேட்டிங்

நல்ல கேள்வி தமிழ். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்.

வளையறவர் முட்டியில இருந்தும் இடுப்புல இருந்தும் வளையறார். பின்னங்கால் முட்டி மடங்கி எடையை வாங்கிக்குது. தாடை தோளை விட்டுப் போகாது, மூக்கு பந்தோடயே திரும்பும், கண்ணு கீப்பர் கிளவுஸ் வரைக்கும் பந்தைத் தொடரும். எடையைக் கால் வாங்கிக்கிட்டதால கைக்கு வேலை இல்ல, தொப்புளுக்குக் கீழ தானா இறங்கும். இன்னொண்ணு, அவர் கிளம்புறது பந்து குத்தினதுக்கு அப்புறம்.

மல்லாக்குறவன் கழுத்துல இருந்து சாயறான். முட்டி விறைப்பு. தாடை வானத்தைப் பாக்கும், கண்ணு ஒரு கணம் பந்தை விட்டுடும். கை மேல. கிளம்புறது பந்து குத்துறதுக்கு முன்னாடி.

மணி, வீடியோவில இதைப் பிரிச்சுப் பாக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. சாயும்போது ஹெல்மெட் கிரில் வழியா முகம் தெரியுதா, தாடையோட அடிப்பாகம் தெரியுதா? தாடைக்கு அடி தெரிஞ்சா அது வளையறது இல்ல.

எந்தப் பக்கம் ஒதுங்கணும்கிறது லைனைப் பொறுத்தது. ஆஃப் ஸ்டம்ப், நடு ஸ்டம்ப் லைன்னா பின்னாடி வளைஞ்சு பந்தை மூக்குக்கு முன்னாடி விடலாம். லெக் ஸ்டம்ப் லைன்ல தோளுக்கு வந்தா ஆஃப் பக்கமா உள்ள போய் இடது தோளுக்குப் பின்னாடி விடணும். லெக் லைன் பந்துக்கு மல்லாக்க வளைஞ்சா பந்து துரத்திக்கிட்டு வரும், அதுலதான் கிளவுஸ் அதிகம் போகும்.

#10 ராயபுரம் செல்வி

நான் பெண்கள் லீக்ல ஆடுறேன், ஜூனியர் பிள்ளைகளுக்கு த்ரோ டவுனும் போடுறேன். சார் சொன்னதுல பெரும்பாலும் உடன்படுறேன். ஒரே ஒரு இடம், "பின்னாடியும் ஆஃப் பக்கமும் ஒரு எட்டு". டென்னிஸ் பால்ல இருந்து வர்ற பையனுக்கு இதை முதல்லயே குடுத்தா ஆபத்து. அந்த எட்டு முடியறதுக்குள்ள பந்து கையை விட்டுடும். நகர்ந்துக்கிட்டே பாக்கும்போது தலை ஆடும், லெங்த் தப்பாத் தெரியும். அதோட எடை பின்னங்கால்லயே தங்கிடும். அடுத்த பந்து முன்னாடி குத்தினா கால் வராது, எல்பி. கால் இடைவெளியைக் கொஞ்சம் அகலமா வெச்சு, அசையாம நின்னு, பந்தைப் பார்த்தப்புறம் நகர்றதுதான் அவனுக்கு நல்லது.

ட்ரில் ஒண்ணு சொல்றேன். மொதல் வாரம் பேட் வேணாம். ஹெல்மெட், கால் பேடு எல்லாம் மாட்டிக்கிட்டு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கோர்த்துக்கணும். நனைச்ச டென்னிஸ் பால், சிமெண்ட்ல, 12 கஜத்துல இருந்து கையால எறியுங்க. பந்து அவனுக்கு முன்னாடி 5 கஜத்துல குத்தட்டும். நனைஞ்ச பந்து வழுக்கிக்கிட்டு வரும், காஞ்ச பந்து மாதிரி நின்னு ஏறாது. அந்தத் தூரத்துல கை எறியிற வேகத்துக்கே கிட்டத்தட்ட 120ல வர்ற பந்தோட நேரம்தான் கிடைக்கும். கை பின்னாடி கட்டியிருக்கிறதால சமநிலை தவறினா ஈடு கட்ட எதுவும் இல்ல, உடனே தடுமாறுவான். காலைத்தான் பயன்படுத்தியாகணும். ஒதுங்கும்போது பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு சத்தமா சொல்லணும். சொல்ல முடியலன்னா கண்ணை எடுத்துட்டான்னு அர்த்தம்.

ஆறு ஆறு பந்தா மூணு தடவை போதும். அதுக்கு மேல போனா கழுத்து களைச்சு தலை தொங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆறுலயும் ரெண்டு பந்து சொல்லாம முன்னாடி குத்துங்க, அதுக்கு முன்னங்காலை வெச்சு வரணும். எல்லாமே ஷார்ட்டுன்னு தெரிஞ்சா பையன் பின்னங்கால்ல உக்காந்துடுவான்.

ரெண்டாவது வாரம் பேட்டோட, இடது கையால மட்டும். வலது கை இல்லாததால பந்தை முன்னாடி தள்ள முடியாது, கிட்ட வர விட்டே ஆகணும்.

#11 பழைய மேட்டிங்

செல்வி சொன்ன ட்ரில் ரொம்ப நல்லது. கையைப் பின்னாடி கட்டச் சொல்றது நான் சொன்னதை விட நேரடியான வழி. சைட்ஆர்ம் இருந்தா 14 கஜத்துல இருந்து போடலாம்.

எட்டு வைக்கிறதுல மட்டும் நான் மாற மாட்டேன். அசையாம நிக்கிறவன் 120க்கு தப்பிப்பான். 130, 135 வரும்போது பந்து புறப்பட்டப்புறம் மொத்த உடம்பையும் நகர்த்த நேரம் இருக்காது. பாதி வேலையை முன்னாடியே முடிச்சு வெச்சிருக்கணும். ஆனா பவுலர் கை மேல வரும்போதே எட்டு முடிஞ்சு, பந்து விடும்போது தலை நின்னிருக்கணும். அந்த விஷயத்துல நீங்க சொல்றது முழுசா சரி.

#12 ராயபுரம் செல்வி

135 போடுற ஆளு இவன் ஆடுற லெவல்ல இல்லையே சார். இருக்கிற வேகத்துக்குத் தேவையானதைக் குடுப்போம்னு சொல்றேன். எட்டு வெச்சா எல்பி கூடும்னு நான் நினைக்கிறேன். ரெண்டு மாசம் கழிச்சு வீடியோ பாத்துட்டுப் பேசலாம்.

#13 ஐசிஎஃப் கீப்பர்

விடும்போது கையை எங்க வைக்கணும்னு யாரும் அழுத்திச் சொல்லல. குனியறப்போ பேட்டைத் தலைக்கு மேல கொடி மாதிரி தூக்கி வைக்கிறவங்க நிறைய. பந்து தலைக்கு மேல போகும், பேட்ல உரசிக்கிட்டு என் கைக்கு வரும். ஆடணும்னு நினைக்காம பட்டாலும் கேட்ச் கேட்ச்தான்.

கிளவுஸ் விதியும் தெரிஞ்சிருக்கணும். பேட்டைப் பிடிச்சிருக்கிற கையோட கிளவுஸ் பேட்டுக்குச் சமம். பேட்டை விட்டுட்ட கையோட கிளவுஸ்ல பட்டா அவுட் இல்ல. 2005 எட்ஜ்பாஸ்டன்ல காஸ்ப்ரோவிச் அவுட் ஆனது இதுலதான். ஹார்மிசன் போட்ட ஷார்ட் பால், லெக் சைடுல கிளவுஸ்ல பட்டு ஜோன்ஸ் பிடிச்சார், இங்கிலாந்து 2 ரன்ல ஜெயிச்சது. ரீப்ளேல பாத்தா கிளவுஸ்ல படும்போது அந்தக் கை பேட்டை விட்டிருந்தது. அம்பயருக்கு அது கண்ணுல படாது, நம்ம லெவல்ல ரீப்ளேயும் கிடையாது. அதனால கையை விட்டாத் தப்பிச்சுக்கலாம்னு கணக்குப் போட வேணாம். கை ரெண்டும் தொப்புளுக்குக் கீழ இருக்கட்டும்.

தோள்ல, விலாவுல படுறதை ஏத்துக்கவும் கத்துக்கணும். 2021 ஜனவரியில பிரிஸ்பேன் காபாவுல கடைசி நாள் புஜாரா ஆடினதைப் பாருங்க. பந்து உடம்புல மேல மேல பட்டது. கையைத் தூக்கியிருந்தா எத்தனை கேட்ச் போயிருக்கும்! கையைக் கீழயே வெச்சு உடம்புல வாங்கினார், 56 அடிச்சார். அதுவும் ஒரு வழிதான். ஆனா அதுக்கு மார்புக் காப்பும் கை காப்பும் போட்டிருக்கணும்.

#14 தண்டையார்பேட்டை தமிழ்

புஜாரா மாதிரி வாங்கச் சொல்றதுக்கு ஹூக்கே மேல். 17 வயசுப் பையனை உடம்புல அடி வாங்கச் சொல்றீங்க. மொஹிந்தர் அமர்நாத் 1983ல வெஸ்ட் இண்டீஸ்ல அடி வாங்கியும் ஹூக்கை விடலையே.

#15 பழைய மேட்டிங்

தமிழ், ஹூக் வேணாம்னு நான் சொல்லல. அமர்நாத் ஹூக் ஆடும்போது தலை எங்க இருக்குன்னு பாருங்க. பந்தோட லைனுக்கு உள்ள வந்து, கண்ணு மட்டமா, எடை காலுக்கு மேல. ஹூக் சரியா ஆடத் தேவையான தலை நிலை, விடறதுக்குத் தேவையான தலை நிலை, தடுக்கத் தேவையான தலை நிலை மூணும் ஒண்ணுதான். அது வந்துட்டா பையனே முடிவு பண்ணிக்குவான். வராம ஹூக் சொல்லிக் குடுத்தா மல்லாக்க விழுந்துக்கிட்டே சுத்துவான், மேல் விளிம்புல பட்டு முகத்துக்கு வரும்.

அடி வாங்கறதுல தலை, கழுத்து ரெண்டும் சேராது. 2014 நவம்பர்ல சிட்னியில பில் ஹ்யூஸுக்கு ஹெல்மெட்டுக்குக் கீழ கழுத்துல பட்டதை எல்லாரும் அறிவோம். ஷாட்டைச் சுத்தி முடிச்சு முகம் திரும்பின நேரத்துல பட்டது. முகத்தைத் திருப்பிட்டா காப்பு இல்லாத பின்கழுத்துதான் பந்தைப் பாக்கும். கண்ணை எடுக்காதேன்னு திரும்பத் திரும்பச் சொல்றது அதனாலயும்தான். மணி, தம்பி ஹெல்மெட்ல பின்கழுத்துக் காப்பு மாட்டியிருக்கா? கிரில்லுக்கும் முனைக்கும் நடுவுல பந்து நுழையற இடைவெளி இருக்கான்னும் ஒரு பந்தை வெச்சு நீங்களே பாருங்க. பழைய ஹெல்மெட்ல கிரில்லை இறக்கி மாட்டியிருப்பாங்க.

#16 காசிமேடு மணி

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். பழைய ஹெல்மெட்ல பந்து நுழைஞ்சது சார். மாத்திட்டோம், கழுத்துக் காப்பும் வாங்கியாச்சு.

செல்வி அக்கா ட்ரில் மொதல் நாள் 18 பந்துல 11 தடவை தடுமாறினான், ரெண்டு தடவை உக்காந்தே விட்டான். நாலாவது நாள்ல இருந்து முட்டி மடங்க ஆரம்பிச்சது. இப்போ எந்தப் பக்கம் போச்சுன்னு கரெக்டா சொல்றான்.

போன ஞாயிறு மேட்டிங்ல மேட்ச். 34 அடிச்சான். மார்புக்கு வந்த பந்து அஞ்சு. ரெண்டு விட்டான். ரெண்டைக் காலடியில இறக்கினான். ஒண்ணு விலாவுல வாங்கினான், கை கீழயே இருந்தது. வீடியோவில பந்து விடும்போது கோடு முன்னங்கால்கிட்ட விழுது. தலை இப்போ 70வது ஃபிரேமுக்கு மேலதான் நகருது, பந்து குத்தினதுக்கு அப்புறம்.

ஆனா அவுட் ஆனது எல்பி. முன்னாடி குத்தின பந்துக்கு பின்னங்கால்லயே நின்னுட்டான். எட்டு வெச்சு ஆடினதாலயா, இல்ல அதுக்கு முன்னாடி ரெண்டு ஷார்ட் பால் வந்ததாலயான்னு தெரியல.

#17 ராயபுரம் செல்வி

நான் சொன்னதுதான் இது. பின்னங்கால் எட்டை எடுத்துடுங்க.

#18 பழைய மேட்டிங்

அவசரம் வேணாம். ஒரு எல்பியை வெச்சு முடிவு பண்ண முடியாது. மணி, அந்த எல்பி பந்துல எட்டு எந்த ஃபிரேம்ல முடியுதுன்னு பாருங்க. சைபருக்கு முன்னாடி முடிஞ்சிருந்தா காரணம் எட்டு இல்ல, மனசு ஷார்ட் பாலை எதிர்பார்த்தது. சைபருக்கு அப்புறமும் கால் நகர்ந்துக்கிட்டு இருந்தா செல்வி சொல்றது சரி. அடுத்த தடவை ஃபோனைத் தரையில இருந்து ஒரு முழ உயரத்துல வெச்சு எடுங்க. இடுப்பு உயரத்துல எடுத்தா பின்னங்கால் விரல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பேடு மறைச்சுடும்.

#19 வியாசர்பாடி லெஃப்டி

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ஆனா கையைப் பின்னாடி கட்டி ஆடிப் பாத்தேன். வெளிய போற பந்துக்கும் என் தலை பந்துக்கு எதிர்ப்பக்கமா ஸ்கொயர் லெக் பக்கம் சாயுது, அதனாலதான் கை மட்டும் வெளிய போகுதோன்னு இப்போ தோணுது. தனி இழை போடவா?

#20 ஐசிஎஃப் கீப்பர்

போடு. சைடு வீடியோ உனக்கு ஆகாது, பவுலர் பின்னாடி இருந்து எடுத்துப் போடு. தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு அங்கிருந்துதான் தெரியும்.